ஸ்டிக்கருக்கு அடியில் என்ன இருக்கிறது?

மறைந்தவர்களின் படத்தைப் பெரிதாக்கி ஃப்ரேம் போட வருகிறவர்கள் முன்பெல்லாம் கையில் ஆல்பத்தோடு வருவார்கள். மங்கிப்போன கல்யாணப் படம், ஓரம் மடங்கிய பாஸ்போர்ட் சைஸ் படம், குரூப் போட்டோவில் மூன்றாவது வரிசையில் நிற்கும் முகம். இப்போது போனை நீட்டுகிறார்கள். அதில் ஒரு ஸ்டேட்டஸின் ஸ்க்ரீன்ஷாட் இருக்கிறது. படத்தின் மேல் இதயம், பூ, சிரிக்கும் எமோஜி, குறுக்கே ஒரு வாழ்த்து வாசகம். "இதையெல்லாம் எடுத்துட்டா போதும் தம்பி, அடியில படம் நல்லாத்தான் இருக்கும்" என்கிறார்கள்.

தென் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் இருபது வருஷத்துக்கும் மேலாக ஸ்டூடியோ வைத்திருக்கும் ஒருவர், இந்த 'அடியில்' என்ற சொல்லுக்கு எப்போதும் ஒரே பதில்தான் சொல்வார்: "அடியில ஒண்ணும் இல்லைங்க."

கேட்பவர்களுக்கு முதலில் புரியாது. சுவரொட்டியைக் கிழித்தால் சுவர் தெரிவதுபோல ஸ்டிக்கரைக் கிழித்தால் முகம் தெரியும் என்று நினைக்கிறார்கள். ஸ்டிக்கர் போடும் நேரத்தில் அது உண்மைதான். போனில் அதை விரலால் நகர்த்தலாம், பெரிதாக்கலாம், தூக்கி எறியலாம். அப்போது படம் தனி அடுக்கு, ஸ்டிக்கர் தனி அடுக்கு. ஆனால் அனுப்பு என்று அழுத்தியதும் இரண்டும் ஒன்றாகி ஒரே படமாகிவிடும். எமோஜி இருந்த இடத்துப் புள்ளிகளில் மஞ்சள் நிறம் மட்டுமே பதிவாகும். அங்கே முன்பிருந்த கண்ணின் எண்கள் அந்த ஃபைலில் எங்குமே இருக்காது. சுவரில் ஒட்டிய தாள் என்பதைவிட, சுவரில் சில செங்கல்லை உருவிவிட்டு அங்கே வேறு கல் வைத்துப் பூசியது என்று சொன்னால் சரியாக இருக்கும்.

ஆகவே அவர் செய்வது அகற்றும் வேலை கிடையாது, கட்டும் வேலை. எதை வைத்துக் கட்டுகிறோம் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

முதல் வேலை: தேடுவது

அவரிடம் வந்த ஒரு படத்தைப் பார்க்கலாம். எழுபது வயதைத் தாண்டிய ஒருவருடையது. கட்டம் போட்ட சட்டை, ஜன்னலோரம் நாற்காலி, முகம் நிறையச் சிரிப்பு. வாழ்நாள் முழுக்க கேமராவைப் பார்த்தால் விறைத்துக்கொள்ளும் மனிதர், இந்த ஒரு படத்தில்தான் சிரித்திருக்கிறார். பிறந்தநாள் அன்று பேத்தி எடுத்தது. ஒரு வாழ்த்து ஆப்பில் போட்டு அலங்கரித்து ஸ்டேட்டஸ் வைத்தாள். சில மாதங்களில் அவர் போய்விட்டார். வருஷத் திதிக்குள் ஃப்ரேம் வேண்டும் என்று மகளும் மனைவியும் வந்தார்கள்.

கம்ப்யூட்டரைத் திறப்பதற்கு முன் ஸ்டூடியோக்காரர் கேள்வி கேட்க ஆரம்பித்தார். யார் போனில் எடுத்தது? அந்த போன் இப்போது எங்கே? கூகுள் போட்டோஸில் பேக்கப் போட்டிருந்தார்களா? ஸ்டிக்கர் போடுவதற்கு முன் அந்தப் படத்தை யாருக்காவது தனியாக அனுப்பினார்களா? ஒரு மணி நேரத் தேடலில் மூலப் படம் கிடைத்துவிட்டால், இரண்டு நாள் வேலை மிச்சம். அதைவிட முக்கியம், கிடைப்பது உண்மையான முகம்.

போனில் எடுத்து கேலரியில் இருக்கும் படத்தை ஸ்டேட்டஸ் வைக்கும்போது, அலங்காரம் எல்லாம் ஒரு நகலில்தான் விழுகிறது. கேலரியில் உள்ள மூலம் அப்படியே இருக்கும். சில போன்களில் கேலரியிலேயே எழுதி, வரைந்து சேமித்திருந்தாலும் பழைய நிலைக்குத் திருப்பும் வசதி உண்டு. இந்த வீட்டில் அந்த வழிகள் எல்லாம் அடைபட்டிருந்தன. பேத்தி புது போன் வாங்கும்போது பழையதை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டாள். கொடுக்கும் முன் எல்லாவற்றையும் அழித்திருந்தாள். பேக்கப் இல்லை. ஸ்டேட்டஸ் 24 மணி நேரத்தில் போய்விட்டது. சித்தி ஒருத்தி எடுத்து வைத்திருந்த ஸ்க்ரீன்ஷாட் மட்டும்தான் மிச்சம்.

ஆனால் தேடல் வீண் போகவில்லை. அதில் வேறு இரண்டு படங்கள் அகப்பட்டன. ஒன்று, எட்டு வருஷத்துக்கு முன் பேங்க் வேலைக்காக எடுத்த பாஸ்போர்ட் சைஸ் படம். இன்னொன்று, அதே வருஷம் கோயில் கொடையில் எடுத்த குரூப் படம். அதில் அவர் முகம் கட்டைவிரல் நகம் அளவுதான். "இது எதுக்கு தம்பி? இதுல சிரிக்கவே இல்லையே" என்றார் மனைவி. "இருக்கட்டும்மா, வேணும்" என்று இரண்டையும் வாங்கி வைத்துக்கொண்டார். பாஸ்போர்ட் படத்தை 600 டிபிஐயில் ஸ்கேன் செய்தார்.

பட்டைக்கு அடியில் மட்டும் ஏதோ இருக்கிறது

ஸ்க்ரீன்ஷாட்டின் மேலேயும் கீழேயும் இருந்த பெயர், பதில் பெட்டி எல்லாவற்றையும் வெட்டிய பிறகு 1080 புள்ளி அகலமும் 1440 புள்ளி உயரமும் உள்ள படம் மிஞ்சியது. அதில் மூன்று தடங்கல். நெஞ்சுக்குக் குறுக்கே ஒரு கறுப்புக் கண்ணாடிப் பட்டையும் அதில் வெள்ளை எழுத்தில் வாழ்த்தும். பின்சுவரில் ஒரு சிவப்பு இதயம். நாம் பார்க்கும்போது வலப்பக்கம் இருக்கும் கண்ணின் மேல், கண்ணையும் புருவத்தின் வாலையும் கன்னத்து மேட்டையும் மூடி ஒரு மஞ்சள் எமோஜி.

அவர் பட்டையில் தொடங்கினார். அதற்குக் காரணம் உண்டு. 'அடியில் ஒன்றும் இல்லை' என்ற விதிக்கு விலக்கு அதுதான். கண்ணாடிப் பட்டை முழுதாக மறைப்பதில்லை, இருட்டாக்க மட்டும் செய்கிறது. சட்டைக் கட்டங்கள் அதற்குள்ளும் மங்கலாகத் தெரிந்தன. எவ்வளவு இருட்டாக்கியது என்று தெரிந்தால் அதே அளவு வெளிச்சத்தைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

அதைக் கண்டுபிடிக்க ஒரே பொருள் பட்டைக்கு வெளியேயும் உள்ளேயும் தொடரும் இடம் வேண்டும். சட்டையின் வெள்ளைக் கட்டத்தில் பட்டைக்குச் சற்று மேலே அளந்தார், 205. பட்டைக்குள் அதே வெள்ளை 82. அதாவது ஐந்தில் இரண்டு பங்கு வெளிச்சம்தான் உள்ளே வந்திருக்கிறது. ஒரே இடத்தை நம்பாமல் சுவரிலும் பார்த்தார். வெளியே 240, உள்ளே 96. அதே ஐந்தில் இரண்டு. கணக்கு உறுதி. பட்டைப் பகுதியை மட்டும் செலக்ட் செய்து, லெவல்ஸில் வெள்ளை முனையை 255-இலிருந்து 102-க்கு இழுத்தார். அது எல்லாப் புள்ளியையும் இரண்டரை மடங்கு ஆக்கும். பட்டை மறைந்து சட்டை வந்தது.

வந்த சட்டை கொஞ்சம் சொரசொரப்பாக இருந்தது. 102 படிகளில் இருந்த வெளிச்சத்தை 255 படிக்கு நீட்டியதால் நடுவில் இடைவெளிகள். படத்தைச் சுருக்கியதில் வந்த கறைகளும் சேர்ந்து இரண்டரை மடங்காகிவிட்டன. அதை லேசாக மழுக்கி, மீதிப் படத்தில் உள்ள அதே அளவு பொடி இரைச்சலைத் தூவியதும் எல்லை தெரியாமல் கலந்தது. இரண்டு அளவீடும் ஒத்துப்போகாமல் இருந்திருந்தால்? பட்டை ஒரே சீராக இல்லாமல் மேலிருந்து கீழாக அடர்ந்துகொண்டே போகிறது என்று பொருள். அப்போது வரிசை வரிசையாக அளக்க வேண்டியிருக்கும்.

எழுத்து போன தடம்

வெள்ளை எழுத்துகளுக்கு இந்த வித்தை பலிக்காது. அவை முழுதாக மறைப்பவை. இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். எழுத்தை மட்டும் துல்லியமாக செலக்ட் செய்து அழித்தால், அழித்த இடத்தைச் சுற்றி ஒரு மெல்லிய வெளிறிய கோடு நிற்கும். தூரத்தில் வைத்துப் பார்த்தால் 'பிறந்தநாள்' என்று ஆவிபோலப் படிக்கவே முடியும்.

எழுத்தின் விளிம்பு கத்திபோல் நிற்பதில்லை என்பதே காரணம். ஓரப் புள்ளிகளில் எழுத்தின் வெள்ளையும் சட்டையின் நிறமும் கலந்திருக்கும். அதற்கும் வெளியே, படத்தைச் சுருக்கும்போது வெள்ளை கசிந்த கறை இருக்கும். ஜேபெக் முறை படத்தை எட்டுக்கு எட்டு புள்ளிச் சதுரங்களாகப் பிரித்துச் சுருக்குகிறது. ஒரு சதுரத்துக்குள் பளிச்சென்ற எழுத்து நுழைந்தால் அந்தச் சதுரம் முழுக்க அலையடிக்கும். ஆகவே செலக்ஷனை நாலைந்து புள்ளி வெளியே விரித்துவிட்டுத்தான் அவர் அழிப்பார். கூடுதலாகக் கொஞ்சம் சட்டை போனாலும் பரவாயில்லை, கெட்டுப்போன சட்டைதான் போகிறது.

நிரப்புவதற்குக் கட்டம் போட்ட சட்டை கைகொடுத்தது. கட்டம் ஒவ்வொரு 36 புள்ளிக்கும் ஒருமுறை திரும்ப வந்தது. எழுத்தின் கனம் பத்துப் புள்ளிகூட இல்லை. ஆகவே க்ளோன் ஸ்டாம்ப்பில் சரியாக 36 புள்ளி மேலிருந்து எடுத்துக் கீழே வைத்தால் கோடு கோட்டோடு சேரும். 30 புள்ளி தள்ளி எடுத்தால் சட்டை தைத்தவர் மேல் பழி வரும். மடிப்பு விழுந்த இடங்களில் கட்டம் வளைவதால் பக்கத்திலிருந்தே எடுத்தார். ஒரு பொத்தான் முழுதாக எழுத்துக்குள் போயிருந்தது. பொத்தான்கள் சம இடைவெளியில் வரும் என்பதால் மேலே இருந்த இரண்டின் தூரத்தை அளந்து அதே தூரத்தில் மூன்றாவதை வைத்தார்.

சுவரில் இருந்த இதயம் சுலபம் போலத் தோன்றும். அதற்குப் பின்னால் ஒரு காலண்டரின் ஓரம் போனது. கோட்டை முதலில் நேராக இழுத்துச் சேர்த்துவிட்டு, பிறகு இருபக்கமும் சுவரை நிரப்பினார். எப்போதும் இந்த வரிசைதான்: முதலில் கோடு, பிறகு பரப்பு. தலைகீழாகச் செய்தால் காலண்டர் ஓரம் நடுவில் நெளியும். ஜன்னலிலிருந்து தள்ளிப் போகப் போகச் சுவர் இருண்டுகொண்டே போவதால், எதிர்ப் பக்கச் சுவரை வெட்டி ஒட்டவும் முடியாது. ஒட்டுப் போட்டது தெரிந்துவிடும்.

சுற்றியிருப்பதை வைத்து ஓட்டையை நிரப்பும் இந்த வேலையை 2000-ஆம் ஆண்டில் ஆய்வாளர்கள் நால்வர் கம்ப்யூட்டருக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். மார்செலோ பெர்தால்மியோவும் மற்ற மூவரும் எழுதிய அந்தக் கட்டுரை, அருங்காட்சியகங்களில் பழைய ஓவியங்களைச் சீர்செய்பவர்கள் விளிம்பிலிருந்து கோடுகளை உள்நோக்கி நீட்டும் பழக்கத்தையே பின்பற்றியது. 2010-இல் போட்டோஷாப்பில் வந்த கன்டென்ட்-அவேர் ஃபில், படத்தின் வேறு இடங்களிலிருந்து பொருத்தமான துண்டுகளைத் தேடி எடுத்து நிரப்பியது. சுவர், புல், மணல், வானம் என்றால் இவை அருமையாக வேலை செய்யும். ஏனென்றால் மறைந்ததைப் போன்ற ஒன்று படத்திலேயே இன்னொரு இடத்தில் இருக்கிறது.

ஒருவருடைய கண் அப்படி இன்னொரு இடத்தில் கிடைக்காது.

"இது யாரோ"

ஸ்டூடியோவுக்கு வருவதற்கு முன்பே பேத்தி தன் புது போனின் அழிப்பானில் முயன்று பார்த்திருந்தாள். எமோஜியைச் சுற்றி விரலால் வட்டம் போட்டாள். சில நொடியில் எமோஜி போய் ஒரு கண் வந்துவிட்டது. தெளிவான, அழகான கண். வீட்டில் எல்லோரும் வியந்தார்கள். ஆச்சியிடம் காட்டினாள். அவர் சற்று நேரம் பார்த்துவிட்டு, "இது யாரோ மாதிரி இருக்கே" என்று போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

என்ன தவறு என்று அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. ஸ்டூடியோக்காரர் பாஸ்போர்ட் படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்ததும் தெரிந்தது. அந்தப் பக்கப் புருவத்தின் நடுவில் முடி முளைக்காத ஒரு சின்னக் கீறல் உண்டு. சின்ன வயதில் கிணற்றுப் படியில் விழுந்த தழும்பாம். போன் போட்ட புருவத்தில் அது இல்லை. புருவம் கறுப்பாக அடர்ந்திருந்தது, கண்ணின் ஓரத்தில் சுருக்கம் பாதிதான் வந்திருந்தது. இந்த வகை அழிப்பான்கள் கோடிக்கணக்கான படங்களிலிருந்து ஒரு முகத்தில் கண் இருக்கும் விதத்தைக் கற்றவை. இந்த மனிதரை அவற்றுக்குத் தெரியாது. அவை கொடுப்பது ஏதோ ஒரு முதியவருக்குப் பொருந்தும் கண்.

அவர் மூன்று சாட்சிகளை வைத்து வேலை செய்தார். பாஸ்போர்ட் படம் தெளிவானது, தழும்பு இருக்கிறது, ஆனால் எட்டு வருஷம் பழசு, சிரிப்பில்லை. குரூப் படம் அதே வருஷத்தது, புருவம் நரைத்திருப்பது தெரிகிறது, ஆனால் மங்கல். மூன்றாவது சாட்சி அதே படத்தில் எமோஜி தொடாத மற்றொரு கண். சிரிக்கும்போது இவர் கண் எவ்வளவு சுருங்கும், ஓரத்தில் எத்தனை கோடு விழும் என்பதை அது மட்டுமே சொல்லும்.

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துக்கொண்டார். முன்பக்க கேமராவில் எடுத்த படம் சில போன்களில் கண்ணாடியில் பார்ப்பதுபோல இடவலம் மாறிச் சேமிக்கப்படும். அப்படியானால் தழும்பு எதிர்ப் பக்கம் வர வேண்டும். சட்டைப் பையைப் பார்த்தார். ஆண்கள் சட்டையில் பை அணிபவரின் இடப்பக்கம், அதாவது நமக்கு வலப்பக்கம். படத்திலும் அப்படியே இருந்தது. மாறவில்லை.

பிறகு அளவு. திறந்திருக்கும் கண்ணின் வெளிமுனையிலிருந்து மூடப்பட்ட கண்ணின் உள்முனை வரை ஸ்டேட்டஸ் படத்தில் 126 புள்ளி, பாஸ்போர்ட் ஸ்கேனில் 140. ஆகவே பாஸ்போர்ட் படத்தைப் பத்தில் ஒன்பது பங்காகச் சுருக்கி, உள்முனையிலும் காதின் மேல்நுனியிலும் பொருத்தி, புருவத்தைத் தழும்போடு எடுத்துக்கொண்டார். குரூப் படத்தைப் பார்த்து அதில் நரையை ஏற்றினார். இமையையும் சுருக்கத்தையும் திறந்த கண்ணிலிருந்து எடுத்து இடவலமாகத் திருப்பி வைத்தார்.

திருப்பியதும் ஒன்று உறுத்தியது. ஜன்னல் படத்தின் இடப்பக்கம் இருந்தது. திறந்த கண்ணின் கருவிழியில் ஜன்னல் வெளிச்சம் இடப்புறம் ஒரு புள்ளியாக மின்னியது. திருப்பிய கண்ணில் அது வலப்புறம் போய்விட்டது. ஒரே ஜன்னல் இரண்டு கண்ணிலும் ஒரே பக்கம்தான் மின்னும். இது தப்பினால், பார்ப்பவருக்குக் காரணம் புரியாது, பார்வை மட்டும் ஏதோ சரியில்லை என்று தோன்றும். மினுக்கை இடப்புறம் மாற்றினார். வெளிச்சத்துக்கு எதிர்ப் பக்கக் கன்னம் என்பதால் அந்தப் பகுதி முழுவதையும் கொஞ்சம் இருட்டாக்கினார்.

சரிபார்க்க அவர் கையாளும் வழி எளிது. முழுப் படத்தையும் இடவலமாகத் திருப்பிப் பார்ப்பது, பழகிய கண்ணுக்குத் தப்பிய கோணல் அதில் தெரியும். பிறகு படத்தைக் குரூப் படத்து முகம் அளவுக்குச் சுருக்கி இரண்டையும் பக்கத்தில் வைப்பது. ஒரே ஆளாகத் தெரிய வேண்டும். கடைசியாக, ஒரு நாள் மூடி வைத்துவிட்டு மறுநாள் திறப்பது.

எவ்வளவு பெரிதாகப் போடலாம்?

மகள் கேட்டது 12-க்கு 18 அங்குலம். 1080 புள்ளியை 12 அங்குலத்துக்கு நீட்டினால் அங்குலத்துக்கு 90 புள்ளிதான். கட்டிய கண்ணும் கட்டாத கண்ணும் தனித்தனியாகத் தெரிந்துவிடும். "6-க்கு 8 போடுங்கக்கா, 180 வரும், கச்சிதமா இருக்கும். சுத்தி வெள்ளை அட்டை வச்சு ஃப்ரேமைப் பெரிசா போட்டுக்கலாம்" என்றார். ஒப்புக்கொண்டார்கள்.

ஆச்சியிடம் பிரிண்ட்டைக் கொடுத்தபோது அவர் முதலில் புருவத்தைத்தான் தொட்டார். "கிணத்தடி தழும்பு" என்றார். பிறகு, "இந்தக் கண்ணு நிஜமாவே அவருடையதா தம்பி?" என்று கேட்டார். ஸ்டூடியோக்காரர் மறைக்கவில்லை. "புருவம் அவருதும்மா, பழைய படத்துலேர்ந்து எடுத்தது. சுருக்கம் அந்தப் பக்கத்துக் கண்ணுலேர்ந்து. சேர்த்தது நான்." படத்தின் பின்பக்கத்தில் எந்தெந்தப் பகுதி சேர்க்கப்பட்டது என்று மூன்று வரியில் எழுதியும் கொடுத்தார். கைபடாத ஸ்க்ரீன்ஷாட்டைத் தனி ஃபைலாக மகளுக்கு அனுப்பினார். நாளைக்கு மூலப் படம் எங்காவது அகப்பட்டால் ஒப்பிட்டுப் பார்க்க அது வேண்டும்.

அவர் தொடாத படங்களும் உண்டு. குழந்தையின் முகத்தைப் பெற்றோரே எமோஜி வைத்து மறைத்திருந்தால், அது அலங்காரத்துக்கு வைத்தது இல்லை. அதை எடுத்துத் தரச் சொல்லி வேறு யார் வந்தாலும் முடியாது என்று அனுப்பிவிடுவார். எடுத்தாலும் வருவது அந்தக் குழந்தையின் முகமாக இருக்காது. இன்னொரு போட்டோகிராபரின் பெயர் முத்திரையை அழிக்கச் சொன்னால், அவரிடமே போய்ப் படத்தைக் கேட்கச் சொல்வார். தகராறு, வழக்கு சம்பந்தப்பட்ட படம் என்றால் கை வைப்பதே இல்லை. கட்டிய இடம் சாட்சி சொல்லாது.

ஃப்ரேம் வாங்க வந்த பேத்திக்கு அவர் ஒரு பழக்கத்தைச் சொல்லிக்கொடுத்தார். ஸ்டிக்கர் ஒட்டுவதற்கு முன், அந்தப் படத்தை வாட்ஸ்அப்பில் Document என்ற வழியில் வீட்டில் இன்னொருவருக்கு அனுப்பிவிட வேண்டும். அப்படி அனுப்பினால் படம் சுருங்காமல், எடுத்தது எடுத்தபடியே போய்ச் சேரும். அவள் அங்கேயே நின்று போனைத் திறந்து, ஆச்சி சேலை மடிக்கும் ஒரு படத்தைத் தேடி எடுத்து, அம்மாவுக்கு அந்த வழியில் அனுப்பினாள்.